பூட்டிய திரையில் இரண்டு வரி

முப்பத்தொரு வருஷம் பத்திரிகையில் தலைப்பு எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு பத்தி அகலத்துக்கு எத்தனை எழுத்து, இரண்டு பத்திக்கு எத்தனை என்று விரல் தானாக எண்ணிக்கொண்டிருக்கும். சுனாமிக்குப் பிந்தைய இரண்டு வருஷமும் எங்கள் மரக்காணம் கரையோரக் குப்பங்களின் நீளமான பெயர்களைச் சின்னத் தலைப்புகளுக்குள் அடைப்பதே முழுநேர வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளை எண்ணுவேன். "உப்பு தீந்துபோச்சு" என்று மனைவி சொன்னால், ஒன்பது எழுத்து என்று முதலில் தோன்றும். உப்பு வாங்கவேண்டும் என்பது அப்புறம்தான்.

இது தெரிந்துதான் குயிலாப்பாளையத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பழைய சக ஊழியர் ஒருவரின் மகள் அங்கே வாடகை சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் சின்ன கம்பெனி நடத்தினாள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் உள்ள கிளினிக்குகளில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ஆப். ஆப் இல்லாதவர்கள் கிளினிக் கவுண்டரில் நேரே போயும் பதியலாம். கவுண்டரில் ஒரு கைப்பேசி எண் கேட்பார்கள். அந்த எண்ணில் யார் ஆப் வைத்திருக்கிறார்களோ, அவர்கள் ஃபோனுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் போகும்.

"இத பாருங்க சார்" என்று அவள் ஒரு மலிவான ஃபோனை நீட்டினாள். பூட்டிய திரையில் இப்படி இருந்தது: அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுடைய… அதற்கப்புறம் மூன்று புள்ளி.

"இழுத்து விரிச்சாத்தான் மீதி தெரியும். யாரும் விரிக்க மாட்டேங்கிறாங்க. நெறய பேரு வர்றதே இல்ல. டாக்டருங்க எங்களத் திட்டுறாங்க."

"இங்கிலீஷ்ல நல்லாத்தான் சார் இருந்துச்சு. அப்படியே மொழிபெயர்க்கக் குடுத்தோம்" என்றான் புரோகிராம் எழுதுகிறவன். முப்பது வயசு இருக்கும். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அதான் தெரியுதே. யாருப்பா வாடிக்கையாளர்? காய்ச்சல்காரனா?"

எத்தனை எழுத்துக்குள் வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவன் சிரித்தான். நான் 'கொ' என்பதை ஓர் எழுத்தாக எண்ணுவேன், கம்ப்யூட்டர் இரண்டாக எண்ணும், திரையோ எண்ணுவதே இல்லை, அகலத்தைத்தான் பார்க்கும் என்றான். "'ணை'யும் 'ர'வும் ஒரே அகலமா சார்?" ஈய எழுத்து கோத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் என்பதால் அது எனக்கு உடனே புரிந்தது. அன்று மத்தியானமே அவர்களிடம் இருந்ததிலேயே சிறிய திரையுள்ள ஃபோனை எடுத்து, வயசானவர்கள் வைத்துக்கொள்வதுபோல எழுத்தைப் பெரிதாக்கி, அதிலேயே போட்டுப் போட்டுப் பார்த்தோம்.

வணக்கம், அன்புள்ள, தங்களுடைய, உறுதி செய்யப்பட்டுள்ளது எல்லாவற்றையும் எடுத்தேன். ஆப்பின் பெயரை மேலே ஃபோனே காட்டிவிடுகிறது என்பதால் அதையும் எடுத்தேன். தடித்த எழுத்தில் வரும் முதல் வரிக்கு நேரம், அடுத்த வரிக்கு ஆள், எதற்கு என்பது:

நாளை காலை 9.30
(பெயர்) – கண்புரை சோதனை

பெயரும் நேரமும் பிரிவும் பதிவுக்குத் தக்க மாறும். அதனால் அவர்களிடம் பதிவான பெயர்களிலேயே நீளமானதைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் புள்ளி விழாமல் உட்கார்ந்தது.

எனக்கு எதைச் செய்தாலும் மனசு அடித்துக்கொண்டே இருக்கும். "நாளைன்னு போட்டிருக்கோம். ஃபோன் அணைஞ்சிருந்து மறுநாள் போய்ச் சேர்ந்தா?" என்று கேட்டேன். ராத்திரி பன்னிரண்டுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் காலாவதி ஆகும்படி வைத்துவிடலாம் என்றான் அவன். ஒன்பதரையை எண்ணில் போட்டால் எல்லோருக்கும் புரியுமா, 9.30-இல் புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளி போடலாமா, இரண்டு வரியும் ஒன்றாகத் தெரியாத ஃபோன் உண்டா என்று எல்லாம் கேட்டேன். அவன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

கம்பெனி நடத்துகிற நண்பர் மகள்தான் ஒன்றைக் கேட்டாள். "எதுக்குன்னு போடணுமா சார்? வேற யாராவது பாத்தா?"

"ஒரே வீட்டுல மாமனாருக்குப் பல்லு, மருமகளுக்கு ஸ்கேன். போடலன்னா யாரு எங்க போறது? தெளிவுன்னா முழுசா தெளிவா இருக்கணும்" என்றேன். "அவங்கவங்க ஃபோன்ல அவங்கவங்க பாக்கப்போறாங்க. அதுல என்ன?"

அவள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். நான் வயசானவன், அப்பாவின் நண்பன். வேறென்ன செய்வாள்.

குயிலாப்பாளையத்தில் உட்கார்ந்து யோசிக்கிற அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மரக்காணத்தில் குடியிருக்கிற எனக்கு வரவில்லை. எங்கள் ஊர் உப்பளத்தில் யாரிடம் நம்பர் கேட்டாலும் மேஸ்திரி நம்பரைத்தான் சொல்வார்கள். கேஸ் சிலிண்டருக்கு அவர் நம்பர், ரேஷனுக்கு அவர் நம்பர். சிலிண்டர் வந்துவிட்டது என்று வரப்பில் நின்று அவர் கூவுவதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

பொங்கல் முடிந்ததும் அளத்துக்கு ஆள் எடுப்பார்கள். மழை மாதங்களில் பாத்தி முழுவதும் தண்ணீர், வேலை இல்லை. தை பிறந்து தண்ணீரை வடித்துப் பாத்தி கட்டத் தொடங்கும்போது மேஸ்திரி தன் செட்டுக்கு யார் யார் என்று முடிவு செய்வார். அந்த செட்டில் பெயர் இருந்தால் அடுத்த மழை வரைக்கும் வேலை. இல்லாவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய டீக்கடையில்தான் இது நடக்கும். நான் மாலை டீக்கு அங்கே போகிறவன்.

அன்றைக்கும் பெஞ்சில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பெண்கள் நின்றிருந்தார்கள். பதினாறு பேர். பதினான்கு பேர் போதும் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஃபோன் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

ஐந்து மணிக்கு அது வெளிச்சமானது.

என் இரண்டு வரி. தலைகீழாகத் தெரிந்தாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். எட்டெழுத்துப் பெயர், கண்புரை, சோதனை, எல்லாம் முழுசாக இருந்தன. ஒரு புள்ளி விழவில்லை. வெளியுலகத்தில் அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முழுசா வந்திருக்குது!" என்றேன், வாய்விட்டு.

"இன்னாது சார்?" மேஸ்திரி ஃபோனை எடுத்தார்.

"இது நான் எழுதினது."

"நீங்களா?" அவர் சத்தமாகப் படித்தார், நேரம், பெயர், கண்புரை சோதனை என்று. "நல்லாப் புரியிற மாதிரி எழுதிருக்கீங்க சார். மின்னாடியெல்லாம் அன்புள்ளன்னு ஒண்ணு வரும். எங்கப்பா ஸ்கேனுக்கு ஏத்தின ஆப்பு இது. அந்த அன்புள்ளவ யாரோ கடன் குடுக்கறாங்கன்னு தள்ளி உட்டுடுவேன்."

அப்புறம் நிமிர்ந்து எதிரே பார்த்தார். வரிசையில் நாலாவதாக நின்ற பெண்ணை. நாற்பத்தைந்து வயசு இருக்கும். அந்த எட்டெழுத்துப் பெயர் அவளுடையது.

"ஏம்மா, கண்ணு எப்பத்திலேர்ந்து?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. சும்மா பாக்கச் சொன்னாங்க."

"புரைன்னு போட்டிருக்குது."

"சோதனைன்னுந்தான போட்டிருக்குது?"

"அதான் போன வருஷம் என் கால அந்த மிதி மிதிச்சியாடி?" என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. கெட்ட மனுஷர் இல்லை அவர். "வரப்பு ஒரு அடிதான் இருக்குது. தலையில கூடை, கீழ சேறு. நீ ஒருத்தி விழுந்தா பின்னாடி வர்ற அத்தினி பேரும் விழுவாங்க. கண்ண சரி பண்ணிக்கினு அடுத்த வருஷம் வாம்மா."

"அடுத்த வருஷமா? மழ மாசம் பூரா சும்மா ஒக்காந்துட்டு இப்பத்தாண்ணே வேலைய பாக்கறேன்."

ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குப் பதறியது. "மேஸ்திரி, புரைங்கிறது சின்ன விஷயம். ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா—"

"ஆபரேஷன் வேறயா?" என்றார் அவர்.

அத்தோடு முடிந்தது. அவர் வேறு பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் போவதற்கு முன்னால் என் பெஞ்சருகே வந்து நின்றாள். முகத்தைச் சற்றுத் திருப்பி, ஒரு பக்கக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கு எழுத வேற எதுவுமே கெடைக்கலையா சார்?" என்றாள்.

மறுநாள் காலை குயிலாப்பாளையம் போக ஏழரை பஸ்ஸில் ஏறினேன். இரண்டு நிறுத்தம் தள்ளி அவளும் ஏறினாள். கையில் கவுண்டரில் கொடுத்த சீட்டு. அதை மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியெல்லாம் கடைப் பலகைகள் ஓடின. ஒன்றைக்கூட எண்ணவில்லை. குயிலாப்பாளையத்துக்குத் திரும்பும் இடத்தில் நான் இறங்க, பஸ் அவளோடு புதுச்சேரிக்குப் போனது.

மாடியேறி நடந்ததைச் சொன்னேன். நண்பர் மகள் 'நான் அப்பவே கேட்டேனே' என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"லாக் ஸ்க்ரீன்ல விஷயத்த மறைக்கிற மாதிரி அனுப்பலாம் சார்" என்றான் புரோகிராம்காரன். "ஆனா அந்த ஃபோன்ல பூட்டு போட்டிருக்கணும். அந்தரங்கமானத மறைன்னு அவரும் செட்டிங்ல வச்சிருக்கணும்."

"அவர் ஃபோனுக்குப் பூட்டே கெடையாது. தேய்ச்சா தொறந்துக்கும். தவிர, மறைக்க வேண்டியதே அவர்கிட்டேர்ந்துதானே!"

அதுவரை நான் எழுதியது நோயாளி படிப்பதற்கு. மேஸ்திரி மாதிரி ஒருவர் படித்து, வரப்பில் நின்று கூவுவதற்கு ஏற்ற வரி எது என்று இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. எட்டு ஊருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்கிற வரி. ஆள் வேண்டும், நேரம் வேண்டும். எதற்கு என்பது வேண்டாம்.

"ஆஸ்பத்திரி பேராவது போடலாமா சார்?"

"அது கண்ணாஸ்பத்திரிம்மா."

இரண்டாவது வரியை இப்படி மாற்றினோம்: (பெயர்) – விவரம் சீட்டில். கவுண்டரில் கொடுக்கிற சீட்டில் இடமும் பிரிவும் இருக்கிறது. சீட்டு தொலைந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். முந்தைய வரியைவிட இது தெளிவு குறைந்த வரிதான். முப்பத்தொரு வருஷத்திலும் அதற்குப் பிறகும் வேண்டுமென்றே தெளிவைக் குறைத்து நான் எழுதியது அது ஒன்றுதான்.

"ஆனா சார்" என்றான் அவன், "அவரு ஆப்பத் தொறந்து பாத்தா உள்ள எல்லாம் இருக்கும். அந்தம்மாவோட பதிவு அவரு நம்பர்ல இருக்கிறவரைக்கும் நாம ஒண்ணும் பண்ண முடியாது. கவுண்டர்ல போயி நம்பர மாத்தணும்."

அவளைத் தேடிப் போக எனக்கு நாலு நாள் ஆனது. இரண்டு தடவை பாதி வழி போய்த் திரும்பினேன். அளத்தில் இடம் இல்லாததால் சாலையோரக் கொட்டகையில் கல்லுப்பைப் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள். அளத்துக் கூலியில் பாதிகூட அங்கே வராது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாக்கெட்டுகளின் வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு ஏது சார் ஃபோனு?"

"வேற யாரோட நம்பராவது?"

"யாரு நம்பரக் குடுத்தாலும் அவங்க பாப்பாங்கதான? எங்க அண்ணி நம்பரக் குடுத்தா, அவங்க ஊரு பிரம்மதேசம் வரைக்கும் போயிடும் சேதி." ஒரு பாக்கெட்டை ஓரமாக வைத்தாள். "ஒங்க நம்பரையே குடுங்க."

"என்னோடதா?"

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. புதுசா தெரியறதுக்கு இன்னா இருக்குது?"

அடுத்த பரிசோதனைக்கு அவளோடு நானும் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. கவுண்டரில் இருந்த பெண் பழைய எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் பதிந்தாள். "இவர் யாரு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"நோட்டிஸ் எழுதறவரு" என்றாள் அவள்.

இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. அதிகமாக இருந்த வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் ஆனது. ஒரு மாதத்துக்கு மேல் கனம் தூக்கக்கூடாது, தூசியில் போகக்கூடாது என்றார்கள். அந்த நாட்களில் பாக்கெட் கொட்டகைக்கும் அவள் போகவில்லை. நான் அந்தப் பக்கமே நடக்காமல் டீக்கடையை மாற்றிக்கொண்டேன்.

பங்குனியில் செட்டிலிருந்து ஒரு பெண் பேத்தி கல்யாணம் என்று மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டாள். அந்த இடத்தைக் கேட்டு இவள் மேஸ்திரியிடம் போய் நின்றாள். அவர் தூரத்தில் போன லாரியின் நம்பரைப் படிக்கச் சொன்னாராம். படித்துவிட்டாள். "ரெண்டு கண்ணும் சரியாயிடுச்சா?" என்று கேட்டாராம். ஆயிடுச்சு என்று சொல்லிவிட்டாள். இடது கண்ணை மழை வந்து அளம் மூடின பிறகு செய்துகொள்வதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அதுவரை அவ்வப்போது போய்க் காட்டிவிட்டு வரவேண்டும். இது தெரிந்தவர்கள் டாக்டரைத் தவிர்த்தால் அவளும் நானும்தான்.

இப்போது அந்த இரண்டு வரி என் ஃபோனுக்கு வருகிறது. நாளை காலை 9.30. அவள் பெயர். விவரம் சீட்டில். மாலை ஐந்தானதும் வரும். வந்தால் நான் அளத்துக்கு நடக்க வேண்டும்.

முதல் தடவை போனபோதே மேஸ்திரி கேட்டார். "இன்னா சார், சாயங்காலத்துல இந்தப் பக்கம்?"

எதற்கு என்று சொல்ல முடியாது. "உப்பு வாங்க வந்தேன்" என்றேன்.

"அதுக்கு இம்மாந்தூரமா? கொட்டகையில சொன்னா குடுத்தனுப்புவாங்களே."

கொட்டகையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வரப்பு முனையில் நின்றேன். கூடையோடு வரிசை வந்தது. அவள் என்னைத் தாண்டும்போது "ஒன்பதரை" என்றேன். அவள் திரும்பவில்லை. "ம்" என்றது மட்டும் கேட்டது. இப்படியே பழகிவிட்டது.

"இத்தினி உப்ப வச்சிக்கினு இன்னா சார் பண்றீங்க? கருவாடு போடறீங்களா?" என்று மேஸ்திரி போன வாரம் கேட்டார். எங்கள் வீட்டில் மீனே சமைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டு அலமாரியில் ஏழு பாக்கெட் ஆகிவிட்டது. மனைவி ஏதோ மறதி வியாதி என்று பயந்து, டாக்டரிடம் காட்டலாம் என்கிறாள். வேண்டாம், அதற்கும் ஒரு நோட்டிஃபிகேஷன் வரும்.

சேதியைச் சொன்னதும் நான் திரும்பிவிடுவதில்லை. அவர் சொன்னது சரிதானே, வரப்பு ஓரடிதான். புரையுள்ள இடது கண்ணை வைத்துக்கொண்டு அவள் அதில் நடக்கிறாள், பின்னால் பத்துப் பேர் வருகிறார்கள். அன்றைக்கு ஊருக்கே சொன்னவன் நான். இன்றைக்கு மேஸ்திரியிடம் சொல்லாமல் இருப்பவனும் நான். அவர் எதிரில் நிற்கும்போது முதலாவது உறுத்துவதா இரண்டாவது உறுத்துவதா என்று எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை. பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நிற்பேன். வரப்பு வளைகிற இடத்தில் அவள் இடது பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து வைப்பாள். வளைவு தாண்டி, குவியலுக்குப் போய், கூடையைக் கவிழ்த்து, வெறும் தலையோடு அவள் நிமிர்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புகிறேன்.